நபர்-ஆண்டு வைத்து நிகழ்வு வீதம்: கணக்கும் அட்டவணையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோஹார்ட் ஆய்வுத் தரவைக் கையில் வைத்துக்கொண்டு முதல் முறை அட்டவணை போட உட்காருபவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். நிஜத் தரவு தேவைப்படும் இடங்களில் எல்லாம் ஒரே ஆய்வைத்தான் எடுத்திருக்கிறோம். ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1951-இல் பிரிட்டன் மருத்துவர்களிடம் புகைப்பழக்கம் பற்றி அஞ்சலில் கேட்டுத் தொடங்கிய ஆய்வு அது. 34,439 ஆண் மருத்துவர்கள் அதில் பின்தொடரப்பட்டார்கள். இதய இரத்தக்குழாய் நோயால் நேர்ந்த இறப்புகளை வயதுவாரியாகப் பிரித்த அதன் தொடக்க கால அட்டவணை, புள்ளியியல் வகுப்புகளில் இன்றும் பயன்படுகிறது. அங்கே ‘நிகழ்வு’ என்பது இறப்பு. நோய் தொடங்குவதை எண்ணினாலும் கணக்கு இதேதான்.

நோய் வந்தவங்களை மொத்த ஆட்களால வகுத்தா போதாதா? எதுக்கு நபர்-ஆண்டு?

எல்லோரையும் ஒரே அளவு காலம் பார்த்திருந்தால் போதும். நடைமுறையில் அப்படி அமைவது அரிது. ஒருவர் முதல் மாதமே சேர்ந்திருப்பார், இன்னொருவர் மூன்றாம் ஆண்டில் சேர்ந்திருப்பார், வேறொருவர் ஊர் மாறிப் போயிருப்பார்.

இரண்டு குழுக்கள், ஒவ்வொன்றிலும் 100 பேர், ஒவ்வொன்றிலும் 10 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களால் வகுத்தால் இரண்டும் 10 சதவீதம். ஆனால் முதல் குழுவைச் சராசரியாக 5 ஆண்டும், இரண்டாவதை 2 ஆண்டும்தான் பார்த்தீர்கள் என்றால், முதலாவதில் 500 நபர்-ஆண்டுக்கு 10, இரண்டாவதில் 200 நபர்-ஆண்டுக்கு 10. அதாவது 1,000 நபர்-ஆண்டுக்கு 20, 50. சமமாகத் தெரிந்தவை இரண்டரை மடங்கு விலகி நிற்கின்றன. யாரை எவ்வளவு காலம் பார்த்தோம் என்பதை வகு எண்ணுக்குள் கொண்டுவருவதற்குத்தான் நபர்-ஆண்டு.

ஒரு ஆளோட காலத்தை எந்தத் தேதியில ஆரம்பிச்சு எந்தத் தேதியில முடிக்கணும்?

அவருக்கு நோய் வந்தால் அது உங்கள் கணக்கில் கட்டாயம் பதிவாகும் என்ற நிலை தொடங்கும் நாளில் ஆரம்பிக்க வேண்டும். பெரும்பாலும் அது, நோய் இல்லை என்று உறுதி செய்து ஆய்வில் சேர்த்த நாள். முடிவுத் தேதி நான்கில் எது முதலில் வருகிறதோ அது: நோய் வந்த நாள், இறந்த நாள், கடைசியாகத் தொடர்பில் இருந்த நாள், ஆய்வு முடிந்த நாள். ஐந்து பேரை வைத்துப் பார்ப்போம் (கணக்கைக் காட்ட நாமே போட்டுக்கொண்ட எண்கள், ஆய்வு 2022 டிசம்பர் 31-இல் முடிகிறது).

| நபர் | சேர்ந்த நாள் | கணக்கு முடிந்த நாள் | காரணம் | நபர்-ஆண்டு | நிகழ்வு |
|---|---|---|---|---|---|
| 1 | 01-01-2020 | 31-12-2022 | ஆய்வு முடிவு | 3.0 | 0 |
| 2 | 01-07-2020 | 01-01-2022 | நோய் வந்தது | 1.5 | 1 |
| 3 | 01-01-2021 | 01-07-2021 | தொடர்பு விட்டது | 0.5 | 0 |
| 4 | 01-01-2020 | 01-01-2022 | வேறு காரணத்தால் இறப்பு | 2.0 | 0 |
| 5 | 01-01-2020 | – | சேரும்போதே நோய் இருந்தது | 0 | 0 |

மொத்தம் 7.0 நபர்-ஆண்டு, 1 நிகழ்வு. வீதம் 1 ÷ 7.0, அதாவது 1,000 நபர்-ஆண்டுக்கு 142.9. நாட்களைக் கழித்து 365.25-ஆல் வகுத்துத் தசமத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் முழு ஆண்டாக மாற்றினால் 3-ஆம் நபரின் அரை ஆண்டு ஒன்றாகவோ பூஜ்யமாகவோ போய்விடும். அட்டவணையில் காட்டும்போது மட்டும் முழு எண்ணாக்கினால் போதும்.

பாதியில காணாமப் போனவரை மொத்தமா தூக்கிட்டா என்ன? சுத்தமான தரவா இருக்குமே.

தூக்காதீர்கள். மேலே 3-ஆம் நபரை அரை ஆண்டு உண்மையாகவே பார்த்திருக்கிறோம், அந்த அரை ஆண்டில் நோய் வரவில்லை. அதை எறிந்தால் வகு எண் குறைந்து வீதம் வீணாக ஏறும். அவரைக் கடைசித் தேதிவரை நீட்டி 2 ஆண்டு கொடுப்பதும் தவறு. பார்க்காத காலத்தைப் பார்த்ததாகச் சொல்வதாகிவிடும், வீதம் இறங்கும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடம்பு முடியாமல் போனவர்களே அதிகம் விலகிப் போகிறார்கள் என்றால், அரை ஆண்டைச் சரியாகக் கொடுத்தும் வீதம் குறைவாகவே வரும். விலகியவர்களின் எண்ணிக்கையையும் அவர்கள் தந்த நபர்-ஆண்டையும் குழுவாரியாக எழுதிப் பாருங்கள். ஒரு குழுவில் 5 சதவீதமும் மற்றதில் 20 சதவீதமும் விலகியிருந்தால், அதை அட்டவணையின் அடிக்குறிப்பில் சொல்லியே ஆக வேண்டும்.

நோய் எப்ப வந்ததுன்னே தெரியாது. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனையிலதான் தெரியுது. என்ன தேதி போடறது?

நோய் இல்லை என்று கடைசியாகத் தெரிந்த நாளுக்கும், இருக்கிறது என்று முதலில் தெரிந்த நாளுக்கும் நடுநாளைப் போடுங்கள். 2019 மார்ச் 10-இல் இல்லை, 2021 மார்ச் 10-இல் இருக்கிறது என்றால் 2020 மார்ச் 10. கண்டுபிடித்த நாளையே போட்டால் நோயுற்ற ஒவ்வொருவருக்கும் சராசரியாக ஓராண்டு கூடுதலாகச் சேர்ந்துவிடும்.

இதில் பலரும் வழுக்கும் இடம் நோய் வராதவர்களின் தேதி. பரிசோதனையில்தான் நோய் தெரியும் என்ற ஆய்வில், நோய் வராதவரின் கணக்கு அவருடைய கடைசிப் பரிசோதனை நாளில் முடிகிறது, ஆய்வு முடிந்த நாளில் அல்ல. கடைசிப் பரிசோதனைக்குப் பிறகு அவருக்கு நோய் வந்திருந்தால் உங்களுக்குத் தெரியவே போவதில்லை. அந்தக் காலத்தை வகு எண்ணில் சேர்க்க உரிமையில்லை.

நோய் வந்த பிறகும் அவர் ஆய்வுல இருக்காரே, அந்தக் காலமும் சேருமா?

நீரிழிவு போல ஒருமுறை வந்தால் போகாத நோய் என்றால் சேராது. மறுபடி புதிதாக நோய் வர வாய்ப்பில்லாதவர் வகு எண்ணில் இருக்கக் கூடாது. 5-ஆம் நபருக்குப் பூஜ்யம் போட்டதும் இதே காரணத்தால்தான்.

வயிற்றுப்போக்கு, கீழே விழுதல் போலத் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இரண்டு வழி உண்டு. முதல் நிகழ்வோடு நிறுத்தலாம், அல்லது எல்லா நிகழ்வையும் எண்ணி, குணமாகும்வரையுள்ள நாட்களை மட்டும் கழித்துவிட்டு மீண்டும் கணக்கில் எடுக்கலாம். இரண்டாவது வழியில் ஒரே ஆளின் நிகழ்வுகள் ஒன்றையொன்று சார்ந்தவை. பின்னால் வரும் எளிய நம்பிக்கை இடைவெளிச் சூத்திரம் அதற்குப் பொருந்தாது, இடைவெளி பொய்யாகக் குறுகிவிடும். எந்த வழி என்பதை அட்டவணைத் தலைப்பிலேயே ‘முதல் நிகழ்வு’ அல்லது ‘எல்லா நிகழ்வுகளும்’ என்று எழுதுங்கள்.

ஆய்வு நடக்கும்போதே வயசு ஏறுதே. அவரை எந்த வயசு வரிசையில போடறது?

ஆளைப் போடக் கூடாது, காலத்தைப் பிரித்துப் போட வேண்டும். 43.5 வயதில் சேர்ந்து 10 ஆண்டு பார்க்கப்பட்டவர், 35–44 வரிசைக்கு 1.5 நபர்-ஆண்டும் 45–54 வரிசைக்கு 8.5 நபர்-ஆண்டும் தருகிறார். 35–44 என்றால் 45-ஆம் பிறந்தநாளுக்கு முந்தின நாள்வரை, 44.0 வயதில் வெட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. நிகழ்வு எந்த வயதில் நடந்ததோ அந்த வரிசையில் மட்டும் ஒருமுறை எண்ணப்படும்.

பிரித்தது சரியா என்று பார்க்க ஒரே சோதனை போதும்: வரிசைகளின் நபர்-ஆண்டுகளைக் கூட்டினால் பிரிக்கும் முன் இருந்த மொத்தம் வர வேண்டும், நிகழ்வுகளும் அப்படியே. மருத்துவர் ஆய்வில் புகைப்பவர்களின் ஐந்து வரிசைகளைக் கூட்டினால் 1,42,247 நபர்-ஆண்டு, 630 இறப்பு. நபர்-ஆண்டு சரியாக இருந்து நிகழ்வு மட்டும் கூடியிருந்தால், ஒரே ஆளின் நிகழ்வுக் குறி அவருடைய எல்லாத் துண்டுகளிலும் நகலாகிவிட்டது என்று பொருள்.

மருந்தை ரெண்டாம் வருஷம்தான் ஆரம்பிச்சார். அவர் ‘மருந்து எடுத்தவர்’ குழுவா, இல்லையா?

இரண்டும்தான். மருந்து தொடங்கும்வரை உள்ள காலம் ‘எடுக்காத’ வரிசைக்கும், தொடங்கிய நாளிலிருந்து ‘எடுத்த’ வரிசைக்கும் போகும். இங்கே தவறினால் முடிவே தலைகீழாகும் என்பதால் எண்களோடு பார்த்துவிடலாம் (இவையும் நாம் போட்டுக்கொண்டவை).

மருந்து எடுத்த 100 பேர், ஒவ்வொருவரும் சேர்ந்து 2 ஆண்டு கழித்துத் தொடங்கினார்கள், அதன்பின் சராசரியாக 3 ஆண்டு பார்க்கப்பட்டார்கள், 30 பேருக்கு நோய். ஒருபோதும் எடுக்காத 100 பேர் 450 நபர்-ஆண்டு தந்தார்கள், 45 பேருக்கு நோய். 5 ஆண்டையும் மருந்துக் கணக்கில் போட்டால் 30 ÷ 500, அதாவது 1,000-க்கு 60. எடுக்காதவர்களில் 45 ÷ 450, அதாவது 100. விகிதம் 0.60. மருந்து காப்பாற்றுகிறது என்று எழுதிவிடுவீர்கள். சரியாகப் பிரித்தால் மருந்துக் காலம் 30 ÷ 300, அதாவது 100. மருந்தில்லாக் காலம் 45 ÷ (450 + 200), அதாவது 69.2. விகிதம் 1.44.

அந்த முதல் 2 ஆண்டில் மருந்துக் குழுவில் யாருக்கும் நோய் வந்திருக்கவே முடியாது. வந்திருந்தால் அவர் மருந்து தொடங்கும் முன்பே கணக்கிலிருந்து வெளியேறி, ‘எடுக்காதவர்’ பக்கம் எண்ணப்பட்டிருப்பார். நிகழ்வு நேர வழியே இல்லாத 200 நபர்-ஆண்டை ஒரு குழுவுக்கு இலவசமாகக் கொடுத்ததுதான் பிழை. ‘ஆய்வு முடிவதற்குள் எப்போதாவது எடுத்தவர்’ என்று ஒரு மாறி உங்கள் தரவில் இருந்தால், இந்தப் பிழை உள்ளே இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

100-க்கா, 1,000-க்கா, 1,00,000-க்கா? எதால பெருக்கறது?

அட்டவணையில் பெரும்பாலான வீதங்கள் 1-க்கும் 100-க்கும் இடையில் விழும்படி ஒன்றைத் தேர்ந்து, அட்டவணை முழுக்க அதையே வையுங்கள். மருத்துவர் ஆய்வில் 630 ÷ 1,42,247 = 0.00443. இதை 1,000 நபர்-ஆண்டுக்கு 4.43 என்று எழுதினால் கண்ணுக்குப் பிடிபடுகிறது. ஒரே துறையின் மற்ற ஆய்வுகள் 1,00,000-க்குத் தருகின்றன என்றால் அதையே பின்பற்றுவது வாசகருக்கு உதவி.

4.43-ன்னா ஆயிரம் பேர்ல நாலு பேருன்னு எழுதலாமா?

கூடாது. 1,000 நபர்-ஆண்டுக்கு 4.43 இறப்பு என்பதே சரி. காலம் இல்லாமல் ஆட்களை மட்டும் சொன்னால் அது வேறு அளவு, முதல் பதிலில் கண்ட சதவீதம் அது. அதேபோல வீதத்துக்கு % குறி போடாதீர்கள்.

வீதத்துக்கு நம்பிக்கை இடைவெளி கையால போட முடியுமா?

முடியும், நிகழ்வு எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் போதும். d நிகழ்வுகள் என்றால் பிழைக் காரணி:

```
EF = exp(1.96 / sqrt(d))
```

வீதத்தை இதனால் வகுத்தால் கீழ் எல்லை, பெருக்கினால் மேல் எல்லை. புகைப்பவர்களுக்கு d = 630, EF = 1.081, ஆகவே 4.43 (4.10–4.79). புகைக்காதவர்களுக்கு 101 இறப்பு, 39,220 நபர்-ஆண்டு, வீதம் 2.58, EF = 1.215, ஆகவே 2.58 (2.12–3.13). இரண்டின் விகிதத்துக்கு EF:

```
EF = exp(1.96 * sqrt(1/d1 + 1/d0))
```

விகிதம் 1.72, EF 1.234, இடைவெளி 1.39–2.12. நபர்-ஆண்டு இந்தச் சூத்திரங்களில் வரவே இல்லை என்பதைப் பாருங்கள். ஒரு லட்சம் நபர்-ஆண்டு பார்த்தாலும் நிகழ்வு ஐந்துதான் என்றால் வீத விகிதத்தின் இடைவெளி அகலமாகத்தான் இருக்கும்.

ஒரு வரிசையில ரெண்டே இறப்பு. இன்னொண்ணுல பூஜ்யம். இப்ப என்ன பண்றது?

மேலே சொன்ன சூத்திரம் இங்கே சரிப்படாது. 35–44 வயதில் புகைக்காதவர்களிடம் 18,790 நபர்-ஆண்டுக்கு 2 இறப்பு. சூத்திரம் 1,000-க்கு 0.03–0.43 என்று தரும். பாய்சான் பரவலின் துல்லிய முறையில் 2 நிகழ்வுக்கு எல்லைகள் 0.242-உம் 7.225-உம். இவற்றை 18.79 ஆயிரம் நபர்-ஆண்டால் வகுத்தால் 0.01–0.38. வரிசையில் 10-க்குக் குறைவான நிகழ்வு இருந்தால் துல்லிய முறைக்கே போய்விடுங்கள். ஆர் மென்பொருளில் `poisson.test(2, 18790)` என்று அடித்தால் போதும்.

பூஜ்யம் என்றால் வீதம் 0 என்று எழுதி, மேல் எல்லையை 3.69 ÷ நபர்-ஆண்டு என்று கொடுங்கள். கட்டத்தைக் காலியாக விட்டால், நிகழ்வு இல்லையா தரவே இல்லையா என்று வாசகருக்குத் தெரியாது.

எல்லாம் சரி, கடைசியில அட்டவணை எப்படி இருக்கணும்?

வீதம் இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் அதன் நிகழ்வு எண்ணிக்கையும் நபர்-ஆண்டும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அலகு தலைப்பில் ஒருமுறை. வீதத்துக்கும் விகிதத்துக்கும் இரண்டு தசமம் போதும்.

*பிரிட்டன் ஆண் மருத்துவர்களில் இதய இரத்தக்குழாய் நோய் இறப்பு, வயதும் புகைப்பழக்கமும் வாரியாக (வீதம் 1,000 நபர்-ஆண்டுக்கு)*

| வயது | புகைப்பவர்: இறப்பு / நபர்-ஆண்டு | வீதம் | புகைக்காதவர்: இறப்பு / நபர்-ஆண்டு | வீதம் | வீத விகிதம் (95% நம்பிக்கை இடைவெளி) |
|---|---|---|---|---|---|
| 35–44 | 32 / 52,407 | 0.61 | 2 / 18,790 | 0.11 | 5.74 (1.46–49.40) |
| 45–54 | 104 / 43,248 | 2.40 | 12 / 10,673 | 1.12 | 2.14 (1.17–4.27) |
| 55–64 | 206 / 28,612 | 7.20 | 28 / 5,710 | 4.90 | 1.47 (0.99–2.26) |
| 65–74 | 186 / 12,663 | 14.69 | 28 / 2,585 | 10.83 | 1.36 (0.91–2.10) |
| 75–84 | 102 / 5,317 | 19.18 | 31 / 1,462 | 21.20 | 0.90 (0.60–1.40) |
| மொத்தம், வயது சரிசெய்யாதது | 630 / 1,42,247 | 4.43 | 101 / 39,220 | 2.58 | 1.72 (1.39–2.12) |
| வயது சரிசெய்தது | | | | | 1.42 (1.15–1.76) |

*வயது வரிசைகளில் துல்லிய முறை. மொத்த வரிசையில் மேலே சொன்ன பிழைக் காரணி முறை. வயது சரிசெய்தது மான்டெல்–ஹென்செல் முறையில்.*

முதல் வரிசையின் 49.40-ஐப் பார்த்து அட்டவணையிலிருந்து அதை நீக்கிவிடத் தோன்றும். நீக்க வேண்டாம். பக்கத்தில் ‘2’ என்று நிற்பதே அந்த அகலத்துக்கு விளக்கம் சொல்லிவிடுகிறது. வெறும் 5.74-ஐ மட்டும் காட்டியிருந்தால்தான் வாசகர் ஏமாறுவார்.

1.72-ன்னு ஒண்ணு, 1.42-ன்னு ஒண்ணு. எதைச் சொல்றது?

இரண்டையும் அட்டவணையில் காட்டி, புகையின் விளைவைப் பற்றிப் பேசும்போது 1.42-ஐச் சொல்லுங்கள். புகைக்காதவர்களின் நபர்-ஆண்டில் 48 சதவீதம் 35–44 வயதில் விழுகிறது; புகைப்பவர்களிடம் அது 37 சதவீதம். புகைக்காதவர்கள் சற்று இளையவர்கள், இளையவர்கள் குறைவாக இறப்பார்கள். 1.72-இல் ஒரு பகுதி வயதின் வேலை.

சரிசெய்த விகிதத்தைப் பாய்சான் மாதிரியிலும் எடுக்கலாம்:

```r
d <- data.frame(
  vayathu = rep(c("35-44","45-54","55-64","65-74","75-84"), 2),
  pugai   = rep(c(1, 0), each = 5),
  irappu  = c(32,104,206,186,102, 2,12,28,28,31),
  py      = c(52407,43248,28612,12663,5317,
              18790,10673,5710,2585,1462))
m <- glm(irappu ~ pugai + vayathu + offset(log(py)),
         family = poisson, data = d)
exp(cbind(coef(m), confint.default(m)))["pugai", ]
```

1.43 (1.15–1.76) வரும், மான்டெல்–ஹென்செலோடு ஏறத்தாழ ஒன்று. `offset(log(py))` என்பதில் `log` விட்டுப்போனால் மென்பொருள் எச்சரிக்காமலே தவறான எண் தரலாம். அதனால் முதலில் `pugai` மட்டும் வைத்து ஓட்டி, கையால் போட்ட 1.72 வருகிறதா என்று பார்த்துவிட்டு வயதைச் சேருங்கள்.

வயசுக்கு வயசு விகிதம் 5.74-லேர்ந்து 0.90 வரைக்கும் இறங்குதே. அப்ப ஒரே 1.42 சொல்றது நியாயமா?

முழுக்க நியாயம் இல்லை. ஐந்து விகிதங்களும் ஒன்றுதானா என்ற சோதனையில் கை-வர்க்க மதிப்பு 10.41, சுதந்திரப் படி 4, p = 0.03. விலகல் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாத அளவு. ஆகவே 1.42 ஒரு சராசரி என்று சொல்லி, வயதுவாரி வரிசைகளை அட்டவணையிலேயே வையுங்கள்.

வீத வேறுபாட்டையும் பாருங்கள். 1,000 நபர்-ஆண்டுக்கு 0.50, 1.28, 2.30, 3.86 என்று 74 வயதுவரை ஏறி, கடைசி வரிசையில் −2.02. விகிதம் இறங்கும் அதே வயதுகளில் கூடுதல் இறப்பு ஏறுகிறது, ஏனென்றால் புகைக்காதவர்களின் வீதமே 0.11-இலிருந்து 10.83-க்குப் போய்விடுகிறது. விகிதத்தை மட்டும் காட்டினால் 65 வயதில் புகை பெரிய விஷயமில்லை என்று படிப்பவர் நினைப்பார். ஆயிரத்துக்கு ஏறத்தாழ நான்கு கூடுதல் இறப்பு அந்த வயதில்தான் நடக்கிறது. இடம் இருந்தால் வேறுபாட்டுக்கும் ஒரு நெடுவரிசை கொடுங்கள்.

100 பேரை ஒரு வருஷம் பார்த்தாலும், 10 பேரை 10 வருஷம் பார்த்தாலும் 100 நபர்-ஆண்டுதானே. ரெண்டும் ஒண்ணா?

வீதம் காலத்தோடு மாறாமல் இருந்தால் ஒன்று. அறுவைச் சிகிச்சைக்குப் பின் தொற்று போல முதல் மாதத்திலேயே பெரும்பாலும் நடந்துவிடும் நிகழ்வுக்கு ஒன்றல்ல. 10 ஆண்டுக் கணக்கில் பத்து முதல் மாதங்கள்தான் இருக்கின்றன, ஓராண்டுக் கணக்கில் நூறு.

இப்படிச் சந்தேகம் இருந்தால், வயதைப் பிரித்ததுபோலவே சேர்ந்த நாளிலிருந்தான காலத்தையும் பிரித்து (முதல் 30 நாள், 31–365 நாள், அதன்பின்) ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை போடுங்கள். வரிசைகளுக்கிடையில் வீதம் பல மடங்கு மாறினால், மொத்த வீதம் ஒன்றை மட்டும் கொடுத்து முடித்துவிடாதீர்கள். பின்தொடர்ந்த காலத்தின் நடு எண்ணையும் அடிக்குறிப்பில் சேருங்கள். உங்கள் 100 நபர்-ஆண்டு எந்த வகை என்று வாசகர் அதைப் பார்த்தே புரிந்துகொள்வார்.